50% + 20% என்ற பலகையும் 2,644 ரூபாய் பில்லும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் ஒரு துணிக்கடை. பொங்கலுக்கு முந்தைய வாரம், சீசன் முடிவு விற்பனை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: “50% + 20% தள்ளுபடி”. என் சித்தி மகளும் அவள் கணவரும் உள்ளே போய் மூன்று உருப்படி எடுத்தார்கள். அவருக்கு ஒரு சட்டை, எம்.ஆர்.பி. 1,899 ரூபாய். அவளுக்கு ஒரு சுடிதார் செட், 2,799. பெண்ணுக்கு ஒரு கவுன், 1,299. மூன்றும் சேர்ந்து 5,997.

வீட்டில் இருந்து கிளம்பும்போதே அவர்கள் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஐம்பதும் இருபதும் எழுபது. எழுபது போனால் மீதி முப்பது. ஆறாயிரத்தில் முப்பது சதவீதம் 1,800 ரூபாய். கடைசியில் அவர்கள் கையில் இருந்த பில் 2,644 ரூபாய். நான் சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறவன் என்பதால் பில் என்னிடம் வந்தது. 1,800-க்கும் 2,644-க்கும் நடுவே உள்ள தூரத்தில் கடை சரியாகச் செய்தது எது, செய்யக் கூடாததைச் செய்தது எது என்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டுமே இருந்தன.

முதலில் அந்தக் கூட்டல் குறி. பலகையில் 50-க்கும் 20-க்கும் நடுவே கூட்டல் குறி போட்டிருந்தாலும் நடப்பது கூட்டல் இல்லை. 50 சதவீதம் எம்.ஆர்.பி. மேல் கழிகிறது. 20 சதவீதமோ அப்படிக் கழிந்து மிஞ்சிய தொகையின் மேல் கழிகிறது. முதல் சதவீதத்தின் நூறு வேறு, இரண்டாவது சதவீதத்தின் நூறு வேறு. அடிப்படை வேறாக இருக்கும் இரண்டு சதவீதங்களைக் கூட்ட முடியாது.

இதைப் போடுவதற்கு எளிய வழி, கழிகிறதை விட்டுவிட்டு மிஞ்சுகிறதைப் பார்ப்பது. 50 கழிந்தால் 0.50 பங்கு மீதி. அந்த மீதியில் 20 கழிந்தால் அதில் 0.80 பங்கு மீதி. இரண்டையும் பெருக்கினால் 0.40. அதாவது எம்.ஆர்.பி.யில் 40 சதவீதம் கொடுக்கிறோம், 60 சதவீதம் குறைகிறது. எழுபது இல்லை.

```
விலை = எம்.ஆர்.பி. × (1 − a/100) × (1 − b/100)
மொத்தத் தள்ளுபடி % = a + b − (a × b)/100
```

இரண்டாவது வரியைத்தான் மனக்கணக்குக்குப் பயன்படுத்துவது வழக்கம். கூட்டு, பிறகு பெருக்கி நூறால் வகுத்துக் கழி. 50 + 20 = 70. 50 × 20 = 1,000, நூறால் வகுத்தால் 10. 70-இல் 10 போனால் 60. பள்ளியில் வட்டிப் பாடத்துக்குப் பக்கத்திலேயே இதுவும் வரும், தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். அந்தக் கழிபடும் 10 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மறக்காது. முதல் தள்ளுபடியில் ஏற்கெனவே போய்விட்ட பாதி விலைக்கும் சேர்த்து இன்னொரு முறை 20 சதவீதம் எதிர்பார்க்கிறோம். இல்லாத பாதியில் 20 சதவீதம், அதாவது முழு விலையில் 10 சதவீதம். இவர்கள் விஷயத்தில் அது 599 ரூபாய் 70 காசு.

ஆக, 5,997-க்கு எழுபது சதவீதம் என்று நினைத்தால் 1,799.10. உண்மையில் வர வேண்டியது 2,398.80. இந்த வித்தியாசத்துக்குக் கடையைக் குற்றம் சொல்ல முடியாது. “50% + 20%” என்று எழுதுவது “60%” என்று எழுதுவதைவிடக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். பலகை எழுதுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

இதே தெருவில் எதிர்வரிசைக் கடையில் “நேரடி 65%” என்று போட்டிருந்ததாம். 70 பெரிதா, 65 பெரிதா என்று கேட்டுவிட்டு அதைத் தாண்டி வந்திருக்கிறார்கள். கம்பெனியே விலை அச்சடித்த அதே சட்டை அங்கேயும் இருந்திருந்தால் 1,899-இல் 35 சதவீதம், 664.65-க்குக் கிடைத்திருக்கும். இங்கே அது 759.60. ஆனால் இந்த ஒப்பீடு ஒரே பொருளுக்கு, ஒரே எம்.ஆர்.பி.க்கு மட்டும்தான் செல்லும். கடையே தைத்து, கடையே விலை போடுகிற சுடிதாருக்கு 65 சதவீதம், 60 சதவீதம் என்று ஒப்பிடுவதில் பொருள் இல்லை. ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு 2,500 என்று சீட்டு கட்டிவிட்டு அறுபது சதவீதம் தள்ளலாம். அங்கே கையில் கொடுக்கும் பணத்தை மட்டும் பாருங்கள்.

இனி கவுண்டரில் நடந்தது. இதுதான் இந்த பில்லில் சுவாரசியமான இடம்.

பலகையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: கூடுதல் 20%, 2,999 ரூபாய்க்கும் அதற்கு மேலும் வாங்குவோருக்கு. 5,997-க்கு எடுத்தவர்கள் அந்த வரியைப் பார்த்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கடையின் கம்ப்யூட்டர் அந்த 2,999-ஐ எம்.ஆர்.பி.யில் பார்க்கவில்லை. முதல் தள்ளுபடி கழிந்த பிறகு பார்த்தது. 5,997-இல் பாதி 2,998 ரூபாய் 50 காசு. ஐம்பது காசு குறைவு. திரையில் 20 சதவீதம் விழவில்லை, துணிகளுக்கான தொகை 2,999 ரூபாய் என்று காட்டியது. காசை முழு ரூபாயாக்குவது கணக்கின் கடைசி வேலை என்பதால், அது 2,999 ஆனாலும் நிபந்தனைக்கு எண்ணப்படாது.

கவுண்டரில் இருந்த பையன் நல்லவன். “அக்கா, அம்பது காசுதான் கொறையுது. சின்னதா ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க, ஆஃபர் விழுந்துரும்” என்றான். பக்கத்துக் கூடையில் கைக்குட்டைப் பாக்கெட் இருந்தது, 149 ரூபாய், அதற்கு 50 சதவீதம் கிடையாது, நெட் விலை. அதையும் போட்டார்கள். 2,998.50-உடன் 149 சேர்ந்து 3,147.50. நிபந்தனை நிறைவேறியது. 20 சதவீதம் மொத்த பில்லுக்கும் விழுந்தது. 3,147.50-இல் 80 சதவீதம் 2,518 ரூபாய்.

ஒரு பாக்கெட் கைக்குட்டை கூடுதலாக வாங்கியதால் பில் 2,998.50-இலிருந்து 2,518 ஆகக் குறைந்தது. 480 ரூபாய் 50 காசு மிச்சம், கைக்குட்டையும் கையில். கேட்கிறவர்களுக்கு ஏதோ தந்திரம் போலத் தோன்றும். தந்திரம் எதுவும் இல்லை. தொகை ஓர் எல்லையைத் தாண்டியதும் விகிதம் மாறுகிற எந்தக் கணக்கிலும் இப்படி ஒரு பள்ளம் விழும்.

அந்தப் பள்ளத்தின் அகலத்தை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ளலாம். எல்லை 2,999, இரண்டாவது தள்ளுபடி 20 சதவீதம் என்றால் 2,999-இல் 80 சதவீதம் 2,399.20. முதல் தள்ளுபடிக்குப் பிறகு உங்கள் தொகை 2,400-க்கும் 2,998-க்கும் இடையில் நின்றால், எல்லை வரை ஏதாவது சேர்த்து வாங்கினால்தான் கொடுக்கும் பணம் குறையும். 2,500-இல் நிற்பவர் 499-க்கு இன்னொரு உருப்படி எடுத்தால் 2,399.20 கட்டுவார். சும்மா வந்திருந்தால் 2,500.

ஆனால் 2,400-க்குக் கீழே நின்றால் கதை மாறுகிறது. 2,000 ரூபாயில் நிற்பவர் ஆஃபருக்காக இன்னும் 999-க்கு எடுத்தால் கட்டப்போவது 2,399.20. வேண்டாத துணிக்கு 399 ரூபாய் கூடுதலாகச் செலவு செய்திருக்கிறார். அந்தத் துணி தேவை என்றால் பரவாயில்லை, 999 ரூபாய் சரக்கு 399-க்கு வந்தது. தேவை இல்லை என்றால் தள்ளுபடி அவருக்குக் கொடுத்தது ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டது 399. நிபந்தனை எல்லையைக் கடைகள் வைப்பதே இந்த ஆட்களுக்காக. எங்கள் ஆளுக்கு ஐம்பது காசில் வாய்த்தது அபூர்வம்.

அதனால் இரட்டைத் தள்ளுபடியில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை சதவீதம் என்பது இல்லை. இரண்டாவது சதவீதம் எதன் மேல் விழுகிறது, அதற்கான எல்லை எந்தத் தொகையில் எண்ணப்படுகிறது, நெட் விலைப் பொருளும் அதில் சேருமா என்று கேட்க வேண்டும். இந்தக் கடையில் கைக்குட்டை எல்லைக்கும் சேர்ந்தது, 20 சதவீதமும் வாங்கியது. சில கடைகளில் எல்லைக்கு மட்டும் சேரும், தள்ளுபடி கிடைக்காது. அப்படி இருந்திருந்தால் 2,398.80-உடன் முழு 149 சேர்ந்து 2,547.80 ஆகியிருக்கும். அப்போதும் லாபம்தான்.

வேறொரு இடத்திலும் வரிசை முக்கியமாகிறது. இரண்டு சதவீதங்களுக்குள் எது முதலில் கழிந்தாலும் ஒன்றுதான், 0.50 × 0.80 என்றாலும் 0.80 × 0.50 என்றாலும் 0.40. ஆனால் ரூபாயில் கழிகிற கூப்பன் ஒன்று நடுவே வந்தால் வரிசை பணம் ஆகிறது. இவர்களிடம் 200 ரூபாய் கூப்பன் இருந்திருந்தால், அதை 20 சதவீதத்துக்கு முன்னால் கழித்தால் (3,147.50 − 200) × 0.80, அதாவது 2,358. பின்னால் கழித்தால் 2,518 − 200, அதாவது 2,318. நாற்பது ரூபாய் வித்தியாசம், கூப்பனில் சரியாக 20 சதவீதம். முன்னால் கழித்தால் கூப்பனும் தள்ளுபடியில் சுருங்கிவிடுகிறது. வாங்குகிறவருக்கு நல்லது, சதவீதம் எல்லாம் முடிந்த பிறகு கூப்பன்.

2,518 வரை எல்லாம் சரி. பில் ஏன் 2,644?

பில்லின் கீழே ஒரு வரி: ஜி.எஸ்.டி. 5%, 125.90. 2,518-உடன் 125.90 சேர்ந்து 2,643.90, முழு ரூபாயில் 2,644. ஆயத்த ஆடையில் ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாயைத் தாண்டாவிட்டால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். தள்ளுபடிக்குப் பிறகு இந்தத் துணிகளில் எதுவும் 1,120 ரூபாயைக்கூடத் தாண்டவில்லை, அதனால் விகிதம் சரி. தவறு வேறு இடத்தில்.

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை. துணியில் தொங்கும் சீட்டில் அப்படியே எழுதியிருக்கும். வரி உள்ளே இருக்கும் விலையில் 60 சதவீதம் கழித்தால், மிஞ்சும் 40 சதவீதத்திலும் வரி உள்ளேதான் இருக்கிறது. அதன் மேல் மறுபடி வரி போட்டால் பலகையில் சொன்ன தள்ளுபடி கிடைக்கவில்லை என்று பொருள். 0.40-ஐ 1.05-ஆல் பெருக்கினால் 0.42. 50% + 20% என்று சொன்னது 60 ஆகி, அந்த அறுபதும் 58 ஆகிவிட்டது.

கடைக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்: “வரி சேர்த்த பிறகும் எம்.ஆர்.பி.யைத் தாண்டலையே?” தாண்டவில்லைதான். ஆனால் தள்ளுபடியை எம்.ஆர்.பி.யின் சதவீதமாக விளம்பரம் செய்தது கடை. இதே மாதிரி ஒரு வழக்கு, வாட் வரி இருந்த காலத்தில், தேசிய நுகர்வோர் ஆணையம் வரை போனது. எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு, தள்ளிய விலை மேல் வரி சேர்ப்பது முறையற்ற வணிகம் என்று 2017-இல் ஆணையம் சொன்னது.

சரியான பில்லில் வரி பின்னோக்கிப் பிரிக்கப்பட்டிருக்கும். 2,518-ஐ 1.05-ஆல் வகுத்தால் 2,398.10. மீதி 119.90 வரி, அதில் மத்திய வரி 59.95, மாநில வரி 59.95. தள்ளுபடியை விற்கும்போதே கொடுத்து பில்லிலும் காட்டிவிட்டால் அந்தத் தொகைக்கு வரி இல்லை என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே கடை அரசுக்குக் கட்ட வேண்டியதும் இந்த 119.90 மட்டுமே. வாங்குகிறவர் கட்டுவது 2,518.

பில்லைப் பார்த்ததும் இதைக் கண்டுபிடிக்க வரிக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. கட்டிய தொகையை எம்.ஆர்.பி. மொத்தத்தால் வகுத்தால் போதும். நெட் விலைப் பொருளை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள். இங்கே கைக்குட்டைக்கு 119.20 போனது, அதற்கும் 5 சதவீதம் ஏற்றியதால் 125.16. 2,643.90-இல் அதைக் கழித்தால் மூன்று துணிக்கும் 2,518.74. அதை 5,997-ஆல் வகுத்தால் 0.42. 0.40 வர வேண்டிய இடத்தில் 0.42 வந்தால், அந்த இரண்டு எங்கோ சேர்ந்திருக்கிறது. 5 சதவீத வரி மேலே ஏறினால் எப்போதும் இப்படித்தான், 0.40 என்பது 0.42 ஆகும், 0.50 என்பது 0.525 ஆகும்.

மறுநாள் அவர்கள் கடைக்குப் போக வேறொரு காரணமும் இருந்தது. பெண்ணுக்குக் கவுன் இறுக்கமாக இருந்தது.

சூப்பர்வைசரிடம் முதலில் வரி விஷயம். சுடிதாரில் தொங்கிய சீட்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதுல எல்லா வரியும் சேர்த்துன்னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு இங்க வரி?” என்று மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். அவர் கொஞ்சம் இழுத்தார், சாஃப்ட்வேர் அப்படித்தான் போடும் என்றார், பிறகு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து 126 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவதாக இருந்தார்கள். தேவைப்படவில்லை.

கவுன்தான் சிக்கல். “பணத்தைத் திருப்பிக் குடுத்துருங்க” என்று கேட்டபோது சூப்பர்வைசர் சொன்ன தொகை 20 ரூபாய். இருவருக்கும் தலை சுற்றியது. 1,299 ரூபாய்க் கவுனுக்கு இருபது ரூபாயா?

அவர் கணக்கு இது. கவுனை எடுத்துவிட்டால் முதல் தள்ளுபடிக்குப் பிறகான தொகை 3,147.50-இலிருந்து 649.50 குறைந்து 2,498. அது 2,999-க்குக் கீழே. ஆகவே 20 சதவீதம் செல்லாது, மீதித் துணிகளுக்கு முழு 2,498 கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கட்டியது 2,518. திரும்ப வருவது 20. முன்பு கைக்குட்டையைப் போட்டபோது பில் இறங்கிய அதே பள்ளத்தில் இப்போது எதிர்ப்பக்கமாக விழுகிறார்கள்.

அவர்கள் எதிர்பார்த்தது 519.60, கவுனுக்காக உண்மையில் கட்டிய விலை. எது நியாயம்? என் எண்ணத்தில், நிபந்தனைச் சீட்டிலோ பில்லின் பின்புறத்திலோ “திருப்பிக் கொடுத்தால் ஆஃபர் ரத்தாகும்” என்று அச்சிட்டிருந்தால் கடையின் கணக்கில் தர்க்கம் உண்டு. அச்சிடாமல் கவுண்டரில் வாயால் சொன்னால், பில்லில் அந்த உருப்படிக்கு நேரே போட்டிருக்கும் தொகைதான் அதன் விலை. இதற்காகத்தான் தள்ளுபடியை மொத்தமாக அடியில் கழிக்காமல் உருப்படி வாரியாகக் கழித்த பில்லைக் கேட்டு வாங்குவது நல்லது. இவர்கள் பில்லில் 20 சதவீதம் அடியில் ஒரே தொகையாக, 629.50 என்று, கழிந்திருந்தது. கவுனுக்கு நேரே 649.50 நின்றது. 519.60 என்று காட்ட ஒரு வரியும் இல்லை.

பில்லின் பின்புறத்தில் இருந்தது வேறு: பணம் திருப்பித் தரப்பட மாட்டாது, ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவது என்றால் பிரச்சினையே எழவில்லை. மொத்தம் எல்லைக்குக் கீழே போகாதவரை 20 சதவீதம் அப்படியே நிற்கும். பெரிய அளவில் அதே கவுன் 1,399 ரூபாய். எம்.ஆர்.பி. வித்தியாசம் நூறு.

சூப்பர்வைசர் ஐம்பது ரூபாய் கேட்டார். 1,399-இல் பாதி 699.50, பழையது 649.50, வித்தியாசம் ஐம்பது. முதல் தள்ளுபடியோடு நிறுத்திவிட்டார். இந்த முறை சித்தி மகள் என்னைக் கேட்கவில்லை. “ரெண்டாவது இருபதையும் போடுங்க சார், நூறுக்கு நாப்பதுதான்” என்றிருக்கிறாள். 699.50-இல் 80 சதவீதம் 559.60, பழைய கவுனுக்குக் கட்டியது 519.60. நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, மாற்றிய பில்லை உருப்படி வாரியாகப் பிரித்து அடித்துக் கொடுத்தார்கள்.